செவலையின் பின்னங்கால்

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டும்போது நன்றாக விடிந்திருக்கவில்லை. இடப்பக்கம் கொடைக்கானல் மலை கறுத்த சுவராகக் கூடவே வந்தது. எதிரே ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து லோடு ஏற்றிய லாரிகள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் போனது மாட்டுச்சந்தைக்கு. கூட வந்த நண்பர் கால்நடை மருத்துவர். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் வெகுகாலம் வேலை பார்த்தவர். மாட்டைப் பக்கவாட்டிலிருந்து நடக்கவிட்டு வீடியோ எடுத்து, அதில் நொண்டலை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்பதை எங்கள் ஊர் மாடுகளை வைத்தே பார்க்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம்.

சந்தையில் மாடு வாங்க வந்தவர்கள் முதலில் பல்லைப் பார்க்கிறார்கள். பிறகு சுழி, மடி, காம்பு. கடைசியாகத்தான், "கொஞ்சம் நடத்திக் காட்டுங்க" என்கிறார்கள். விற்பவர் மூக்கணாங்கயிற்றைக் கையில் சுருட்டி, மாட்டின் முகத்தைத் தன் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி வேகமாகப் பத்தடி இழுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவருகிறார். தரகர் துண்டை விரிக்கிறார். விரல்கள் துண்டுக்குள் பேச ஆரம்பித்துவிடுகின்றன.

"தலையை இப்படித் தூக்கிப் புடிச்சா என்ன தெரியும்?" என்றார் டாக்டர். அங்கே நின்ற நேரமெல்லாம் அவர் பார்த்தது கயிற்றைத்தான்.

மாட்டுக்கு ஒரு காலில் வலி இருந்தால், அந்தக் கால் சுமக்க வேண்டிய எடையை வேறு எங்காவது தள்ளியாக வேண்டும். அதற்கு அதனிடம் இருக்கும் வசதியான கருவி தலையும் கழுத்தும்தான். உடம்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாரம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கால்கள் மேல் விழும் எடை மாறும். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் ஊன்றும் நொடியில் தலை மேலே போகும், முன்பாரம் குறையும். அடுத்து நல்ல முன்னங்கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். பின்னங்காலில் வலி என்றால் நேர் எதிர். வலிக்கிற பின்னங்கால் எடையை ஏற்கும் நேரத்தில் தலை கீழே இறங்கி முன்னால் நீளும். எடை முன்னங்கால்களுக்கு நகரும். மூக்குக் கயிற்றை இறுக்கிப் பிடித்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் நடக்கவே முடியாது. விற்பவர் ஏமாற்ற நினைக்கிறார் என்று சொல்ல மாட்டேன். மாட்டை மிடுக்காகக் காட்டுவதற்கு வழிவழியாகப் பிடிக்கும் பிடி அது. ஆனால் நொண்டலின் பாதி அடையாளம் அந்தப் பிடியில் மறைந்துவிடுகிறது.

சந்தையில் நாங்கள் வீடியோ எடுக்க முயலவில்லை. கூட்டம், மேடுபள்ளம், மிரண்ட மாடுகள். மிரண்ட மாடு வலியை மறைத்து நடக்கும். டாக்டர் தமக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொன்னார். வேடசந்தூர்ப் பக்கம், குடகனாற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, நூற்பாலைகளைக் கடந்து உள்ளே போக வேண்டும்.

செம்மண் காடு. மக்காச்சோளம் அறுத்த தட்டை வரப்போரம் அடுக்கியிருந்தது. வீட்டுக்கார அம்மா இரண்டு கறவை வைத்திருந்தார். ஒன்று எச்.எஃப் கலப்பு, இன்னொன்று ஜெர்சி கலப்பில் ஒரு செவலை, மூன்றாம் ஈத்து. பால் குறைகிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தாராம்.

"நடக்கறதுல ஒண்ணும் தெரியலையே டாக்டரு. காலையில எந்திரிக்கறப்பதான் செத்த நேரம் மொடக்குது. அப்புறம் சரியாப் போயிருது" என்றார்.

செவலை கட்டுத்தறியில் நின்ற நிலையில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்த ஊரில் நொண்டல் இவ்வளவு தாமதமாகக் கண்ணில் படுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஐரோப்பியப் பண்ணையில் மாடுகள் பால் கறக்கும் கூடத்திலிருந்து தினமும் வரிசையாக, கயிறில்லாமல், ஒரே பாதையில் வெளியே நடக்கின்றன. அங்கே நின்று பார்த்தால் போதும். நம் வீடுகளில் இரண்டு மாடு, மூன்று மாடு. நாளின் பெரும்பகுதி கட்டிய இடத்திலேயே. தொட்டித் தண்ணீருக்கு நடக்கும் பத்தடிதான் நடை. கட்டியே கிடப்பதால் குளம்பும் தேயாமல் வளர்கிறது.

நல்ல வீடியோவுக்கு வேண்டியது நேரான, கெட்டியான, வழுக்காத தரை. சரளைக்கல் இருந்தால் நல்ல மாடும் பார்த்துப் பார்த்துக் காலை வைக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வெளிச் சுவரோரம் மண் இறுகிய ஒரு நீளத் தடம் இருந்தது. பள்ளி விடுமுறை. சுவரில் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கட்டியால் நெட்டுக்கோடுகள் போட்டோம். 1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் படமெடுத்தபோதும் வெள்ளைப் பின்னணியில் கோடு போட்டுத்தான் வைத்திருந்தார். பன்னிரண்டு கேமராக்களைப் பக்கவாட்டில் வரிசையாக நிறுத்தி. பாய்ச்சலில் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்பதை உலகம் கண்ணால் கண்டது அப்போதுதான். அதுவரை எத்தனையோ தலைமுறை குதிரைக்காரர்கள் அதே ஓட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஓடும் கால்களை நிறுத்திப் பார்க்க ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது.

செல்போனை முக்காலியில், மாட்டின் வயிற்றுயரத்துக்கு, தடத்திலிருந்து ஆறு மீட்டர் தள்ளிப் படுக்கைவாட்டில் வைத்தோம். கேமரா திரும்பக் கூடாது. மாட்டோடு சேர்ந்து கேமராவைத் திருப்பினால் தலை ஏறுவது மாட்டின் அசைவா கையின் அசைவா என்று பிரிக்க முடியாமல் போகும். ஆறு மீட்டர் தள்ளி நின்றால் படத்துக்குள் ஏறக்குறைய ஏழு மீட்டர் தடம் அடங்கும். ஒரு கறவை மாட்டின் முழு எட்டு, அதாவது ஒரு குளம்பு ஊன்றிய இடத்திலிருந்து அதே குளம்பு மறுபடி ஊன்றும் இடம் வரை, ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கும். ஆக ஒரு நடைக்கு நான்கு எட்டு கிடைக்கும். ஒரே எட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஈ கடித்தாலும் ஒரு எட்டு மாறும். நொடிக்கு 60 ஃபிரேம் என்று அமைத்தோம். சாதாரண 30 ஃபிரேமில் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள இடைவெளியிலேயே சின்ன வித்தியாசங்கள் தொலைந்துவிடும்.

பக்கவாட்டுப் படத்தில் பெரிய தொல்லை, தூரத்துக் கால்கள் கிட்டத்துக் கால்களுக்குப் பின்னால் மறைவது. பின்னங்கால்கள் ஒன்றையொன்று கடக்கும் நேரத்தில் எது எது என்று கண் குழம்பும். அதற்கு டாக்டர் வலது பக்க இரண்டு குளம்புகளுக்கு மேலே சுண்ணாம்பைக் குழைத்து ஒரு பட்டை இழுத்தார். துணி கட்டினால் மாடு காலை உதறும். பிறகு இரண்டு திசையிலும் நடத்தி எடுத்தோம். போகும்போது இடது பக்கம் கிட்டத்தில், வரும்போது வலது பக்கம் கிட்டத்தில்.

கயிற்றுக்கு அம்மாவே வழி சொன்னார். "நீங்க புடிச்சா அது வராது. நான் தவிட்டு வாளியத் தூக்கிட்டு முன்னால போறேன். தானா வரும் பாருங்க." கயிற்றைக் கொம்பில் சுற்றிவிட்டு அவர் நடந்தார். செவலை பின்னாலேயே வந்தது, தலை அதன் இஷ்டத்துக்கு அசைய. பால் கறந்த பிறகே எடுத்தோம். மடி நிறைந்திருந்தால் பின்னங்கால்களை அகட்டி வைத்து நடக்கும். அதையும் நொண்டல் என்று எண்ணிவிடலாம்.

திண்டுக்கல் விடுதி அறையில் அன்று இரவு மடிக்கணினியில் வீடியோவைத் திறந்தோம். VLC மென்பொருளில் E விசையை ஒருமுறை தட்டினால் ஒரு ஃபிரேம் நகரும். டாக்டர் தட்டினார், நான் எழுதினேன். குளம்பு தரையைத் தொடும் ஃபிரேம், தரையை விட்டு எழும் ஃபிரேம். ஒவ்வொரு காலுக்கும் இந்த இரண்டு எண்கள் மட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நொண்டுகிற காலின் எட்டு குட்டையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நேராக நடக்கும் மாட்டில் நான்கு காலின் முழு எட்டும் ஒரே நீளமாகத்தான் இருக்க முடியும். உடம்பு ஒன்று, நான்கு காலும் அதே தூரத்தைத்தான் கடக்கின்றன. மாறுவது ஒவ்வொரு காலும் தரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, மற்றக் கால் எப்போது வந்து விழுகிறது, எங்கே விழுகிறது என்பவை. அதனால் எட்டின் நீளத்தை அளந்து நேரம் கடத்தாமல் தாளத்தை அளந்தோம்.

செவலையின் ஒரு முழு எட்டு சராசரியாக 75 ஃபிரேம், அதாவது ஒன்றேகால் நொடி. அதில் இடது பின்னங்கால் தரையில் 52 ஃபிரேம், காற்றில் 23. வலது பின்னங்கால் தரையில் 43, காற்றில் 32. வலது ஊன்றியதிலிருந்து இடது ஊன்றும் வரை 33 ஃபிரேம்; இடது ஊன்றியதிலிருந்து மறுபடி வலது ஊன்றும் வரை 42. வலது காலில் எடை விழுந்ததும் இடது கால் அவசரமாக வந்து பாரத்தை வாங்கிக்கொள்கிறது. வலது கால் நிதானமாக, தயங்கித்தான் கீழே வருகிறது. 33க்கும் 42க்கும் உள்ள வித்தியாசம் 9 ஃபிரேம், நொடியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. களத்தில் நின்று பார்த்த மூவர் கண்ணிலும் அது படவில்லை. எண்களாக எழுதிப் பார்த்தபோது நான்கு எட்டிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த எச்.எஃப் பசுவின் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று ஒரு ஃபிரேமுக்கு மேல் விலகவில்லை.

காலை முதலில் பார்த்துவிட்டுத் தலைக்கு வருவதற்குக் காரணம் உண்டு. மாடு நடக்கும்போது குளம்புகள் ஒரு பக்கமாகவே அடுத்தடுத்து விழுகின்றன: வலது பின், வலது முன், இடது பின், இடது முன். வலது பின்னங்கால் எடையை ஏற்கும் நேரத்தில் முன்னால் தாங்கி நிற்பது பெரும்பாலும் இடது முன்னங்கால். பின்னங்கால் வலியால் அப்போது தலை இறங்கினால், இடது முன்னங்காலில் இறங்கி வலது முன்னங்காலில் ஏறுவது போலவே தோன்றும். தலையை மட்டும் பார்ப்பவர் வலது முன்னங்காலில்தான் வலி என்று சொல்லி, அந்தக் குளம்பைத் தூக்கிச் சீவி, ஒன்றும் காணாமல் விட்டுவிடுவார். எந்தக் கால் என்பதைக் குளம்பின் தாளம்தான் சொல்ல வேண்டும். அதற்குத் தலை சாட்சி சொல்கிறதா என்று பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, நல்ல மாடும் நடக்கும்போது தலையை ஆட்டும். ஒரு எட்டுக்கு இரண்டு முறை, லேசாக, சமமாக. தலை ஆடுவது நோயல்ல. இரண்டு ஆட்டத்தில் ஒன்று பெரிதாவதும், அது ஒவ்வொரு எட்டிலும் அதே காலோடு சேர்ந்து வருவதும்தான் அடையாளம். திரையின் மேல் கண்ணாடித் தாளை ஒட்டி, கொம்புக்கு நடுவே உள்ள உச்சியைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போனோம். வலது பின்னங்கால் எடை ஏற்கும்போது உச்சி திரையில் 9 மில்லிமீட்டர் இறங்கியது. இடது பின்னங்காலுக்கு 3. நான்கு எட்டிலும் ஏறக்குறைய இதே கணக்கு. வலது பின்குளம்பு, வலது முன்குளம்பு விட்டுப்போன தடத்தை எட்டாமல் ஒரு சாண் பின்னாலேயே விழுந்ததும் சுவர்க் கோடுகளை வைத்துத் தெரிந்தது. நோவில்லாத மாட்டின் பின்குளம்பு பெரும்பாலும் முன்குளம்பின் தடத்திலேயே வந்து விழும்.

முதுகைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஸ்ப்ரெக்கர், ஹோஸ்டெட்லர், கனீன் என்ற மூவர், மாட்டின் முதுகு நிற்கும்போதும் நடக்கும்போதும் வளைகிறதா என்பதை வைத்து 1 முதல் 5 வரை ஒரு நடை மதிப்பெண் முறையை எழுதினார்கள். உலகம் முழுக்க இன்றும் பயன்படுகிறது. ஆனால் அந்த முறை நேரான முதுகுள்ள கறவை மாடுகளைப் பார்த்து எழுதியது. நாட்டு ரத்தம் கலந்த நம் மாட்டுக்குத் தோளில் திமில் மேடு, சப்பையில் சரிவு. முதுகு எப்போது வளைகிறது, எப்போது அதன் அமைப்பே அப்படி என்பதைச் சொல்வதற்கு அந்த மாட்டையே முன்பு நன்றாக இருந்த நாளில் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் டாக்டர் கருவிகளோடு போனார். வீடியோ காலைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. அவருடைய கணக்கு எளிமையானது: கறவை மாட்டின் நொண்டலில் பத்தில் ஒன்பது பங்கு குளம்பில்தான் இருக்கும், பெரும்பாலும் பின்னங்காலில், அதிலும் வெளிப்புறக் குளம்பில். செவலையை வேப்ப மரத்தோடு சேர்த்துக் கட்டி, வலது பின்னங்காலைக் கயிற்றில் தூக்கி, குளம்பைக் கழுவித் தேய்த்தார். இடுக்கி போன்ற அழுத்தும் கருவியால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டு வந்தார். வெளிக்குளம்பின் அடியில், குதியும் உள்ளங்காலும் சேரும் இடத்தில் அழுத்தியபோது மாடு காலைப் படக்கென்று பிடுங்கியது. சீவியபோது ரத்தம் கட்டிய ஒரு பழுப்பு வட்டம், நடுவில் புளியங்கொட்டை அளவு பள்ளம். உள்ளங்கால் புண்.

"எலும்பு உள்ள இருந்து அமுக்குது, தரை கீழ இருந்து அமுக்குது. நடுவுல சதை நசுங்குது" என்று அம்மாவிடம் சொன்னார். வெளிக்குளம்பு வளர்ந்து உயரமாகிவிட்டால் எடை முழுதும் அதன்மேல் விழும். அந்த இடத்தைச் சீவித் தாழ்த்தி, புண்ணைச் சுற்றித் தளர்ந்திருந்த கொம்புப் பொருளை எடுத்து, நல்ல உள்குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையைப் பசையால் ஒட்டினார். இனி எடையை உள்குளம்பு தாங்கும். புண் தரையைத் தொடாது. கூடவே மெலாக்சிகாம் ஊசி. சீவுவதோடு விட்டுவிடாமல், கட்டையும் வலிமருந்தும் சேர்த்துத் தந்த மாடுகளே நன்றாகத் தேறின என்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் 2015-ல் எழுதியிருக்கிறார்கள். மருந்தின் பெயரை நான் இங்கே எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மாட்டுக்குப் போடும் வலிமருந்து, மாடு செத்தால் கழுகின் வயிற்றுக்குப் போகிறது. பாறுக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006-ல் கால்நடைக்குத் தடை செய்தது. கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் 2023-ல். மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை.

நாங்கள் கையால் எண்ணியதை இயந்திரத்தால் எண்ண வைக்கும் வேலை வெளிநாட்டில் நடக்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெலனா ருசெல்லோவும் கூட்டாளிகளும் பக்கவாட்டு வீடியோவில் மாட்டின் குளம்பு, முதுகு, தலைப் புள்ளிகளைக் கணினியே பின்தொடரும்படி செய்து, அவற்றிலிருந்து ஆறு அளவுகளை எடுத்தார்கள். முதுகின் வளைவு, தலையாட்டம், பின்குளம்பு முன்தடத்தை எட்டும் தூரம் ஆகிய மூன்றுமே பெரும்பங்கு வேலை செய்தன. நூறு முறை சொன்னால் ஏறக்குறைய எண்பது முறை சரி. இன்னும் உயராததற்கு ஒரு காரணம் மனிதர்களிடம்தான் இருக்கிறது: ஒரே வீடியோவைப் பார்த்த பயிற்சி பெற்றவர்களே ஒருவருக்கொருவர் வேறு மதிப்பெண் போட்டார்கள். அதனால் நொண்டுகிறது, நொண்டவில்லை என்று இரண்டே வகையாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த முறை வேடசந்தூருக்கு வர வேண்டுமானால் மூக்குக் கயிறும் திமிலும் கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்கும் ஆளின் கால்களும் படத்தில் இருக்கும் என்பதைக் கணினி கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு மாடு என்றால் கேமராவைச் சுவரில் பொருத்தி வைப்பதில் பொருளில்லை. எல்லார் கையிலும் இருக்கும் செல்போன்தான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து திண்டுக்கல் வந்து நத்தம் சாலையில் கிழக்கே போனோம். சிறுமலை வலப்பக்கம் நெடுகப் படுத்திருந்தது. மாந்தோப்புகள், நடுநடுவே ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீடுகள். இரண்டு மாடுகளை அந்தப் பக்கம் பார்த்தோம். எங்கள் கணக்கு எங்கே உதவாது என்பதை இரண்டும் காட்டின.

முதலாவது ஒரு வண்டி மாடு. இடது பின்னங்கால் பின்னால் நீண்டு நின்றுவிடும். குளம்பின் நுனி தரையை உரசும். பிறகு படீரென்று வெட்டி முன்னால் வரும். தாளம் அப்பட்டமாகக் கெட்டிருந்தது. ஃபிரேம் எண்ணவே வேண்டாம். ஆனால் தலை அசையவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆட்டம். டாக்டர் மேல்மூட்டில் கைவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: மூட்டுச்சில்லு மேலே ஏறி மாட்டிக்கொள்கிறது, அதன் உள்பக்கத் தசைநார் இறுக்கம். நம் நாட்டு மாடுகளிலும் கலப்பினங்களிலும் அடிக்கடி காண்பது. அந்த நாரை வெட்டிவிடும் சின்ன அறுவையில் பெரும்பாலும் அன்றே நடை சரியாகிவிடும். மாட்டுக்குப் பெரிய வலி இல்லை; பூட்டு விழுவதுதான் சிக்கல். தாளம் கெட்டுத் தலை அசையாமல் இருந்தால் குளம்பைச் சீவுவதற்கு முன் மூட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஒரு கறவை. கோமாரி வந்து போன மாடு. எடுத்த வீடியோவில் இடதும் வலதும் அச்சடித்தது போல் சமம், தலையாட்டமும் சமம். எங்கள் எண்களின்படி அது நோவில்லாத மாடு. ஆனால் எட்டுகள் குறுகி, நடை மெதுவாகி, நிற்கும்போது பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கியது. இரண்டு பின்குளம்பிலும் ஒரே அளவு வலி. வலியைத் தள்ளிவிட எதிர்ப்பக்கத்தில் நல்ல கால் இல்லாதபோது தாளம் கெடுவதில்லை. பக்கவாட்டு வீடியோவைப் பார்ப்பவர் இடது-வலது வித்தியாசத்தை மட்டுமே தேடினால் மிக மோசமான மாடுதான் தப்பிப் போகும். முழு எட்டு எத்தனை ஃபிரேம், எத்தனை கோட்டைக் கடக்கிறது என்பதையும் எழுதி, அதே மாட்டின் பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும்.

திரும்பும் வழியில் டாக்டர் இன்னும் இரண்டைச் சொன்னார். மூன்று நாள் காய்ச்சல் கண்ட மாட்டுக்கு இன்று ஒரு காலில் நொண்டல், நாளை வேறு காலில். ஒரு நாள் வீடியோவை நம்பிக் குளம்பைச் சீவிவிடக் கூடாது. காய்ச்சல் பார்த்தால் போதும். மழைக்காலத்தில் நல்ல கொழுத்த இளம் மாடு திடீரென்று நொண்டி, தொடையோ தோளோ வீங்கி, அமுக்கினால் நரநரவென்றால் அது சப்பை நோய். அங்கே கேமராவை எடுக்கவே கூடாது. உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் மாடு போய்விடும்.

செவலையின் அடுத்த வீடியோ மூன்று வாரம் கழித்து டாக்டரின் போனுக்கு வந்தது. அம்மாவின் மகள் எடுத்தது. அதே சுவர், அதே கோடுகள், முன்னால் தவிட்டு வாளி. ஒரு முழு எட்டு 72 ஃபிரேமாகக் குறைந்திருந்தது. நடை கொஞ்சம் விரைந்திருக்கிறது. வலது பின்னங்கால் தரையில் 46, இடது 48. தலையின் இறக்கம் 4 மில்லிமீட்டரும் 3 மில்லிமீட்டரும். கட்டை இன்னும் குளம்பில் இருந்தது. அது தானாகத் தேய்ந்து விழட்டும், விழுந்த பிறகு இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள், நாலு மாதத்தில் மறுபடி குளம்பு சீவ வேண்டும் என்று டாக்டர் பதில் அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரரும் தம் மாட்டை எடுத்து அனுப்பியிருந்தார். பின்னாலிருந்து எடுத்தது, கயிறு இறுக்கம், பாதி நடையில் மாடு திரும்பிவிட்டது. வாளியைப் பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, பால் கறந்த பிறகு, பள்ளிச் சுவரோரம் இரண்டு திசையிலும் எடுத்து அனுப்பச் சொன்னார்.